ஃபுட்டிங்குக்குள் போகும் தூண் கம்பி

வீடு கட்டத் தொடங்கினால் முதலில் தோண்டுவது குழி. குழியில் பிசிசி போட்டு, அதன்மேல் மேட் கம்பி பின்னி, தூணுக்கான கம்பிகளை நிறுத்தி, கான்கிரீட் கொட்டுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் குழியிலிருந்து நான்கு கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். வெளியே தெரியும் அந்த நான்கு கம்பிகளின் பருமனை எல்லோரும் கேட்பார்கள். உள்ளே போன துண்டின் நீளத்தைக் கேட்பவர் குறைவு. கான்கிரீட் விழுந்த பிறகு அதை அளக்கவும் முடியாது.

இப்படி ஃபுட்டிங்கிலிருந்து புறப்பட்டு மேலே தூணோடு இணையும் கம்பிகளை ஸ்டார்ட்டர் கம்பி என்றோ டவல் கம்பி என்றோ சொல்வார்கள். நம் ஊர் சைட்டில் ‘ஸ்டார்ட்டர்’ என்று மட்டும் சொன்னால் ஃபுட்டிங்குக்கு மேல் தூணின் அளவில் ஒரு சாண் உயரத்துக்குள் போடும் சின்னக் கான்கிரீட் கட்டையையும் குறிக்கும். இங்கே பேசுவது கம்பியைப் பற்றி. அது ஃபுட்டிங்குக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும், ஏன் போக வேண்டும், அதனால் கம்பிக் கணக்கில் எத்தனை கிலோ கூடும் என்பதே கேள்வி.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்டது. மொத்தம் 12 தூண்கள். ஒவ்வொரு தூணும் 9 அங்குலத்துக்கு 12 அங்குலம், அதாவது 230 மி.மீ.க்கு 300 மி.மீ. தூணுக்கு நான்கு 16 மி.மீ. கம்பி, தரம் 500. கான்கிரீட் எம்25. ஃபுட்டிங்கின் கனம் ஒன்றரை அடி, 45 செ.மீ. தமிழ்நாட்டில் நாம் தினமும் கடந்துபோகும் வீடுகளில் பல ஏறக்குறைய இந்த அளவுதான்.

கம்பியைக் கான்கிரீட் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். முறுக்குக் கம்பியின் மேல் குறுக்காக ஓடும் வரிகள் அழகுக்கு இல்லை. கம்பியை யாரோ மேல்நோக்கி இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வரியும் தனக்கு முன்னால் இருக்கும் கான்கிரீட்டை முட்டித் தள்ளும். கான்கிரீட் எதிர்த்து நிற்கும். வரியில்லாத வழவழப்பான கம்பியில் ஒட்டுதலும் உராய்வும் மட்டுமே உண்டு. அதனால்தான் ஐஎஸ் 456 விதிநூல் வரிக்கம்பிக்கு 60 சதவீதம் கூடுதல் பிடிப்பை அனுமதிக்கிறது.

அந்தக் கூடுதலையும் சேர்த்து எம்25 கான்கிரீட்டில் வரிக்கம்பிக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பிடிப்பு, கம்பியின் மேற்பரப்பில் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 23 கிலோ. 16 மி.மீ. கம்பியின் சுற்றளவு 5 செ.மீ. எனவே அந்தக் கம்பி ஒவ்வொரு செ.மீ. நீளத்துக்கும் ஏறக்குறைய 115 கிலோ பிடித்துக்கொள்ளும். மறுபுறம், 500 தரக் கம்பி வடிவமைப்பில் தாங்கக்கூடிய முழு இழுவிசை, 16 மி.மீ. கம்பிக்குச் சுமார் 8,900 கிலோ. ஒரே கம்பியில் கிட்டத்தட்ட 9 டன்! 8,900-ஐ 115-ஆல் வகுத்தால் 78 செ.மீ. வரும். கம்பியின் முழு வலுவையும் பயன்படுத்த வேண்டுமானால் இவ்வளவு நீளம் கான்கிரீட்டுக்குள் இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால், கம்பி தன் வலுவைக் காட்டும் முன்பே உருவிக்கொண்டு வரலாம். இந்த நீளத்தைத்தான் இன்ஜினியர்கள் டெவலப்மென்ட் லெங்த் என்கிறார்கள். நாம் பிடிப்பு நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

78 செ.மீ. என்பது கம்பியின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 49 மடங்கு. மேஸ்திரிகளும் கம்பி கட்டுபவர்களும் எதற்கெடுத்தாலும் ‘50 டி’ என்று சொல்வது இங்கிருந்து வருகிறது. டி என்பது விட்டம். 16 மி.மீ. என்றால் 80 செ.மீ., 12 மி.மீ. என்றால் 60 செ.மீ. எம்25 கான்கிரீட்டுக்கும் 500 தரக் கம்பிக்கும் இந்த வாய்க்கணக்கு சரி. ஆனால் பலர் வீட்டுக்குப் போடுவது எம்20. அதில் பிடிப்பு குறைவு என்பதால் 57 மடங்கு தேவைப்படும், 16 மி.மீ. கம்பிக்கு 91 செ.மீ. கான்கிரீட் தரம் இறங்கினால் கம்பி நீளம் ஏற வேண்டும் என்பதை வாய்க்கணக்கு சொல்லாது.

இதுவரை பேசியது கம்பி இழுக்கப்படும் நிலை. தூண் பெரும்பாலும் அழுத்தத்தில்தானே இருக்கிறது? ஆமாம். அழுத்தத்தில் இருக்கும் கம்பிக்கு விதிநூல் இன்னும் 25 சதவீதம் கூடுதல் பிடிப்பைத் தருகிறது. இழுவையில் கான்கிரீட் குறுக்கே வெடிக்கும், அழுத்தத்தில் அது இல்லை. கம்பியின் நுனியும் கான்கிரீட்டின் மேல் ஊன்றி நிற்கிறது. ஆகவே நம் 16 மி.மீ. கம்பிக்கு அழுத்தத்தில் தேவையான பிடிப்பு நீளம் 62 செ.மீ.

இப்போது குழிக்குள் இறங்குவோம். ஃபுட்டிங்கின் கனம் 45 செ.மீ. அடியில் கவர் 5 செ.மீ. அதற்குமேல் இரண்டு திசையிலும் ஓடும் 10 மி.மீ. மேட் கம்பி சேர்ந்து 2 செ.மீ. ஸ்டார்ட்டர் கம்பி மேட்டின்மேல் உட்காருகிறது. மிஞ்சும் செங்குத்து நீளம் 38 செ.மீ. தேவை 62, கையில் இருப்பது 38.

சைட்டில் இதற்குக் கைவசம் ஒரு பதில் உண்டு. கம்பியின் அடியை ‘எல்’ மாதிரி வளைத்து ஓரடி நீளத்துக்குக் கால் விடுவார்கள். 38-உம் 30-உம் 68, 62-ஐத் தாண்டிவிட்டதே என்பார்கள். அந்தக் கூட்டல் இழுவைக்குத்தான் பொருந்தும். மேல்நோக்கி இழுக்கப்படும் கம்பியின் வளைந்த கால் கான்கிரீட்டுக்குள் கொக்கி போல் மாட்டிக்கொள்ளும். ஆனால் கீழ்நோக்கி அழுத்தப்படும் கம்பிக்குப் படுத்துக்கிடக்கும் கால் என்ன உதவி செய்யும்? சுமை நேராக இறங்கி வருகிறது, கால் பக்கவாட்டில் ஓடுகிறது. ஐஎஸ் 456 அழுத்தக் கம்பிக்கு வளைவின் செங்குத்து வீச்சை மட்டுமே பிடிப்பு நீளமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அமெரிக்க விதிநூலும் அழுத்தத்தில் கொக்கிக்கு மதிப்பு தருவதில்லை. எனவே காலை ஓரடி விட்டாலும் மூன்றடி விட்டாலும் அழுத்தக் கணக்கில் 38 செ.மீ. 38 செ.மீ.தான். என் பார்வையில், நம் சிறு கட்டடங்களில் ஆழக் குறையைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுவது இந்த ஓரடி எல்தான்.

அப்படியானால் இந்த வீடுகளெல்லாம் எப்படி நிற்கின்றன? நியாயமான கேள்வி. தூணின் சுமை கம்பி வழியாக மட்டும் இறங்குவதில்லை. தூணின் கான்கிரீட், ஃபுட்டிங்கின் கான்கிரீட் மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. 230-க்கு 300 அளவுள்ள எம்25 தூணின் அடிப்பரப்பு, கம்பியே இல்லாவிட்டாலும் வடிவமைப்புக் கணக்கில் 79 டன் வரை ஃபுட்டிங்குக்குக் கடத்தலாம். நம் வீட்டின் நடுத் தூணில், பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்காகப் பெருக்கிய பிறகும், 45 டன் அளவுக்குத்தான் வரும். ஆக அழுத்தத்தைப் பொறுத்தவரை கான்கிரீட்டே வேலையை முடித்துவிடுகிறது. பிடிப்பு நீளக் கணக்கில் வருவதும் கம்பியில் உண்மையில் இருக்கும் விசைதான், அதன் முழு வலு அல்ல. 62 செ.மீ. கேட்கும் இடத்தில் 38 செ.மீ. இருந்தால், கம்பியின் வலுவில் 61 சதவீதத்தை நம்பலாம். இரண்டு மாடிக்கு அதுவே தாராளம்.

இருந்தாலும் கம்பியே வேண்டாம் என்று விதிநூல் விட்டுவிடவில்லை. கான்கிரீட்டே எல்லாச் சுமையையும் கடத்தினாலும், தூணின் குறுக்குப்பரப்பில் அரை சதவீதத்துக்குக் குறையாமல், நான்கு கம்பிக்குக் குறையாமல் ஃபுட்டிங்குக்குள் போக வேண்டும் என்கிறது. நம் தூணுக்கு அரை சதவீதம் என்பது 345 சதுர மி.மீ. நான்கு 12 மி.மீ. கம்பி போட்டாலே அதைத் தாண்டிவிடும். நான்கு 16 மி.மீ. கம்பியில் 804 சதுர மி.மீ. இருக்கிறது.

ஆக இரண்டு மாடி வீட்டில் ஆழக் குறை ஆபத்தாக மாறுவது அரிது. நான்கைந்து மாடி அடுக்ககத்தில் கதை வேறு. அங்கே தூணில் 25 மி.மீ. கம்பி வரும், தூணின் சுமையில் பெரும்பங்கைக் கம்பி உண்மையிலேயே சுமக்கும். எம்25-இல் 25 மி.மீ. கம்பிக்கு அழுத்தப் பிடிப்பு நீளம் 97 செ.மீ. கவரும் மேட்டும் சேர்த்தால் ஃபுட்டிங்கின் கனம் ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டும். மண்ணின் தாங்குதிறனுக்கோ வளைவுக்கோ அவ்வளவு கனம் தேவைப்படாத இடத்திலும், இந்தக் கம்பிக்காகவே ஃபுட்டிங்கை ஆழப்படுத்த வேண்டிவரும். அது செலவு என்பதால் வேறு வழிகளும் உண்டு. தடித்த நான்கு கம்பிக்குப் பதில் மெல்லிய எட்டுக் கம்பி போட்டால் பிடிப்பு நீளம் விட்டத்தோடு சேர்ந்து குறையும். 12 மி.மீ. கம்பிக்கு 47 செ.மீ. போதும். கான்கிரீட்டை எம்30-க்கு உயர்த்தலாம். அல்லது ஃபுட்டிங்குக்கும் தூணுக்கும் நடுவே தூணைவிட அகலமான ஒரு பீடம் எழுப்பலாம். பீடத்துக்குள் ஓடும் நீளமும் பிடிப்பில் சேரும். மண்ணுக்குள் இருப்பதால் பீடம் யார் கண்ணையும் உறுத்தாது. எனக்குப் பிடித்த வழி அதுதான்.

சரி, அழுத்தத்துக்கு உதவாத எல் காலை வெட்டி எறிந்துவிடலாமா? கூடாது. காற்றும் நிலநடுக்கமும் கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது தூணின் அடி வளையப் பார்க்கும். அப்போது ஒரு பக்கக் கம்பிகள் அழுந்தும், மறுபக்கக் கம்பிகள் இழுபடும். இழுபடும் கம்பிக்கு 78 செ.மீ. வேண்டும். 38 செ.மீ. செங்குத்தாகக் கிடைக்கிறது, மிச்சம் 40 செ.மீ. காலில்தான் கிடைத்தாக வேண்டும். ஓரடி என்பது 30 செ.மீ., பத்து குறைகிறது. வழக்கத்தால் வந்த ஓரடியை ஒன்றேகால் அடிக்கு மேல் நீட்டினால் கணக்கு நேராகிவிடும். காலுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. மேட்டின்மேல் நான்கு திசையிலும் பரப்பி, கட்டுக்கம்பியால் முடிந்தால்தான் தூண் கூடு கான்கிரீட் கொட்டும்போது தானாக நிற்கும். அதற்காகவே நம் சைட்களில் கால்களை வெளிப்புறம் திருப்புகிறார்கள். பலத்த நிலநடுக்கத்தை எதிர்பார்த்துக் கட்டும் இடங்களில் அமெரிக்க விதி இதற்கு நேர்மாறாகக் கால்களைத் தூணின் மையத்தை நோக்கித் திருப்பச் சொல்கிறது. வளைவு விசை அப்படித்தான் ஃபுட்டிங்குக்குள் ஒழுங்காக இறங்கும். கட்டுவதற்கு அது சிரமம், சின்ன வீட்டுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

கம்பியின் கீழ்முனையைப் பார்த்தாகிவிட்டது. மேல்முனையில்தான் கூடுதல் கம்பிக் கணக்கு தொடங்குகிறது.

ஸ்டார்ட்டரை இரண்டு விதமாக நிறுத்தலாம். ஒன்று, ஃபுட்டிங்குக்கு மேல் முக்கால் மீட்டர் மட்டும் நீட்டும் குட்டைத் துண்டாக விட்டு, பிறகு தூண் கம்பியை அதன் பக்கத்தில் வைத்துக் கட்டுவது. இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஓடும் அந்தத் தூரமே லேப். மற்றொன்று, தூண் கம்பியையே அடியிலிருந்து எழுப்பி, காலையும் அதிலேயே வளைத்து, லேப்பை மேலே எங்காவது வைத்துக்கொள்வது.

முதல் முறையின்படி நம் வீட்டுக்குக் கணக்குப் போடலாம். கால் 40 செ.மீ., ஃபுட்டிங்குக்குள் செங்குத்தாக 38, ஸ்டார்ட்டர் கட்டைக்குள் 10, அதற்குமேல் லேப் 80. மொத்தம் 1.68 மீட்டர். தூணுக்கு நான்கு வீதம் 12 தூணுக்கு 48 துண்டுகள், 80.6 மீட்டர். கம்பியின் எடை காண விட்டத்தை மி.மீ.இல் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுப்பார்கள். 16 மி.மீ.க்கு மீட்டருக்கு 1.58 கிலோ வரும். ஆக 127 கிலோ. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது, ஒன்றில் ஏழு துண்டு வெட்டினால் 24 செ.மீ. மட்டுமே வீணாகும். ஏழு கம்பி வாங்கினால் 49 துண்டு, தேவைக்கு ஒன்று அதிகம்.

இந்த 127 கிலோவைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கட்டைக்குள் போகும் 10 செ.மீ. எப்படியும் தூணின் பகுதி, அதன் எடை 8 கிலோவுக்குள். ஃபுட்டிங்குக்குள் பிடிப்புக்காகப் போவது 59 கிலோ. எந்த முறையில் கட்டினாலும் இதைத் தவிர்க்க முடியாது. மீதி 61 கிலோ லேப். ஒரே இடத்தில் இரண்டு கம்பி ஓடுவதால் வரும் இந்த எடையை, கம்பியை அடியிலிருந்தே எழுப்பினால் மிச்சம் பிடிக்கலாம். ஃபுட்டிங்குக்குள் கூட்டை நேராக நிறுத்த தூணுக்கு மூன்று ரிங் வேண்டும். 8 மி.மீ.இல் ஒரு ரிங் 360 கிராம் என்றால் 12 தூணுக்கு 13 கிலோ. அதையும் சேர்த்தால் மொத்தம் 140 கிலோ.

இது பெரிய எடையா? வீட்டுக்குச் சதுர அடிக்கு 4 கிலோ கம்பி என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. இரண்டு தளமும் சேர்த்து 2,000 சதுர அடி என்றால் 8 டன். அதில் 140 கிலோ என்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. கிலோ 70 ரூபாய் என்று வைத்தாலும் 10,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். இந்தக் கம்பியில் சிக்கனம் பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லை.

ஆனாலும் இந்தச் சின்ன எடைதான் பில் போடும் நேரத்தில் வாக்குவாதமாகிறது. எஸ்டிமேட் போடுபவர் தூண் கம்பியை ஃபுட்டிங்கின் மேல்மட்டத்திலிருந்து கூரை வரை அளந்து எழுதிவிடுவார். காலும் செங்குத்து நீளமும் லேப்பும் அந்த அளவுக்குள் வராது. வேலை நடக்கும்போது கம்பி போதவில்லை என்று ஆள் வந்து நிற்பார், வீட்டுக்காரர் திருட்டு என்று சந்தேகப்படுவார். ஒவ்வொரு மாடியிலும் லேப் வரும் என்பதால் இடைவெளி மேலே போகப்போகப் பெரிதாகும். மத்தியப் பொதுப்பணித் துறையின் அளவு முறை இதில் தெளிவாக இருக்கிறது. வரைபடத்தில் காட்டி அனுமதித்த லேப்புக்குப் பணம் உண்டு. வெட்டில் போகும் வீணுக்கும், ஒப்பந்தக்காரர் தன் வசதிக்காகப் போடும் அனுமதியில்லாத லேப்புக்கும் கிடையாது. தனி வீட்டு ஒப்பந்தத்திலும் இதையே எழுதிக்கொள்ளலாம். அதற்கு வரைபடத்தில் லேப் எங்கே, எவ்வளவு நீளம் என்று குறித்திருக்க வேண்டும். குறிப்பில்லாத வரைபடத்தை வைத்துக்கொண்டு யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது.

லேப் எங்கே என்பது பணத்தைவிடப் பெரிய கேள்வி. நிலநடுக்கத்தில் தூண் அதிகமாக வளைந்து அடிபடுவது அதன் அடியிலும் தலையிலும். அங்கேயே கம்பியை ஒட்டுப்போட்டு வைப்பது நல்லதல்ல. அதனால் நிலநடுக்கக் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 13920, லேப்பைத் தூணின் நடுப்பாதி உயரத்துக்குள் மட்டுமே அனுமதிக்கிறது. ஒரே மட்டத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் லேப் விழக்கூடாது, லேப் வரும் நீளம் முழுவதும் 10 செ.மீ.க்கு ஒரு ரிங் என்றும் சொல்கிறது. இந்த விதி நிலநடுக்க மண்டலம் மூன்றிலிருந்து பொருந்தும். 2002-இல் திருத்திய வரைபடத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. ஃபுட்டிங்குக்குச் சற்று மேலேயே எல்லாக் கம்பிக்கும் ஒரே மட்டத்தில் லேப் போடும் பழக்கம் அங்கே விதிக்குப் பொருந்தாது.

நம் வீட்டில் அடியிலிருந்தே கம்பியை எழுப்பிப் பார்ப்போம். கால் 40 செ.மீ., உள்ளே 38, ஃபுட்டிங்கிலிருந்து தரை மட்டம் 95, அங்கிருந்து பிளிந்த் பீமின் மேல்மட்டம் 60. கூட்டினால் 2.33 மீட்டர். 12 மீட்டர் கம்பியை மூன்றாக வெட்டினால் துண்டுக்கு 4 மீட்டர், பிளிந்துக்கு மேல் 1.67 மீட்டர் நிற்கும். அதன் நுனியிலிருந்து 80 செ.மீ. கீழே வந்தால் லேப் தொடங்கும் இடம் பிளிந்துக்கு மேல் 87 செ.மீ. பிளிந்துக்கும் மேல் பீமின் அடிக்கும் இடையே தூணின் உயரம் 2.55 மீட்டர் என்றால், நடுப்பாதி என்பது 64 செ.மீ.யிலிருந்து 1.91 மீட்டர் வரை. லேப் முழுக்க அதற்குள் விழுகிறது. வெட்டில் வீணும் இல்லை. நான்கில் இரண்டை இப்படி விட்டு, மற்ற இரண்டை நீளமாக எடுத்துப் போய் மாடியில் லேப் போட்டால் பாதிக் கணக்கும் சரியாகிவிடும். சிரமம் ஒன்றே ஒன்று. நீண்ட கம்பிகள் குழியில் ஆடாமல் நிற்க முட்டுக்கொடுத்துக் கட்ட வேண்டும். குட்டை ஸ்டார்ட்டரைத் தேடிப் போவதற்கு உண்மையான காரணம் இந்தச் சிரமமே.

லேப் வரும் இடத்தில் கம்பி இரட்டிப்பாகும். நம் தூணில் 1.17 சதவீதம், லேப்பில் 2.34 ஆகிறது. லேப் இருக்கும் தூணில் கம்பி நான்கு சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது விதிநூல். சதவீதத்தைவிட இடைவெளியே சைட்டில் தொந்தரவு தரும். 9 அங்குலத் தூணில் இருபக்கக் கவரும் ரிங்கும் போனால் உள்ளே மிஞ்சுவது 13 செ.மீ. அளவுதான். நெரிசலான இடத்தில் முக்கால் அங்குல ஜல்லி மாட்டிக்கொண்டு, பலகை பிரித்ததும் தூணின் அடியில் தேன்கூடு தெரிந்தால் லேப் இருந்தும் பயனில்லை. பிடித்துக்கொள்ள அங்கே கான்கிரீட்டே இல்லையே. மேலே வரும் கம்பி நேர்க்கோட்டில் நிற்பதற்காக ஒரு கம்பியைச் சற்று ஒடித்து விடுவார்கள். இந்த நெளிவு ஒன்றுக்கு ஆறு என்ற சரிவுக்குள் இருக்க வேண்டும். 2 செ.மீ. நகர வேண்டுமானால் 12 செ.மீ. நீளத்தில் மெல்லச் சாய வேண்டும். மூன்று விரல் நீளத்தில் முறுக்கிய நெளிவைக் கண்டால் திருப்பி அனுப்பலாம்.

ஸ்டார்ட்டர் கம்பியில் நடக்கும் தவறுகளில் அதிகம் காண்பது இடம் பெயர்வது. வைப்ரேட்டர் ஆடும்போதும் கான்கிரீட் ஒரு பக்கமாகக் குவியும்போதும் கூடு இரண்டு அங்குலம் நகர்ந்துவிடும். மறுநாள் நூல் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். அப்போது பைப்பை மாட்டி ஒரே மூச்சில் கம்பியை இழுத்து வளைத்துவிடுவார்கள். வளைந்த இடத்தில் கம்பி பலவீனப்படும், அடியில் கான்கிரீட் பொரிந்து உதிரும், சுமை வந்ததும் கம்பி அந்த நெளிவை நேராக்கப் பார்க்கும். இரண்டு அங்குலத்தைச் சரிக்கட்ட ஒன்றுக்கு ஆறு சரிவில் ஓரடி உயரம் தேவை. அதைவிட எளிது, பிளிந்த் வரை தூணை அந்தப் பக்கம் பெரிதாக்கிப் போட்டு, அந்த உயரத்துக்குள் கம்பியை மெல்லத் தன் இடத்துக்குக் கொண்டுவருவது. எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதை இன்ஜினியர் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் சுமை ஃபுட்டிங்கின் மையத்திலிருந்து விலகுகிறது. நகராமல் தடுக்க முன்கூட்டியே செய்யக்கூடியது சுலபம். ஃபுட்டிங்குக்குள் மூன்று ரிங், அதற்குமேல் ஒரு ரிங், நான்கு திசையிலும் குழியின் கரையோடு கட்டிய முட்டு, இவை போதும்.

இன்னொரு தவறு, ஃபுட்டிங்கை முதலில் கொட்டிவிட்டு ஈரக் கான்கிரீட்டில் கம்பியைச் சொருகுவது. மேட் வரை போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஜல்லி தடுத்த இடத்தில் நின்றுவிடும். காலும் இருக்காது, ரிங்கும் இருக்காது. நுழைந்த வழியில் கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் மீண்டும் சேர்ந்து பிடிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்காக நிறுத்திய கம்பி போலவே தெரியும். கொட்டுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியிலும் ஃபுட்டிங் மேல்மட்டம் வரும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து மேட் வரை டேப் வைத்து அளந்துவிட்டால் இந்தச் சந்தேகமே எழாது. மழை பெய்த குழியில் கம்பியில் அப்பிய சேற்றையும், உதிரும் துருவையும் அப்போதே துடைத்துவிடலாம். உதிராத மெல்லிய துரு கெடுதல் செய்யாது.

கம்பி விட்டுப்போனதும் குறைந்துபோனதும் தெரியவந்தால், இறுகிய கான்கிரீட்டில் துளையிட்டு ரசாயனப் பசை ஊற்றிக் கம்பி நடும் முறை இருக்கிறது. 16 மி.மீ. கம்பிக்கு 20 மி.மீ. அளவில் துளை, அதற்குள் பிரஷ் விட்டுத் தூசியைத் துடைத்துக் காற்றடித்து எடுத்த பிறகே பசை. தூசி மிஞ்சினால் பசை தூசியோடு ஒட்டும், கான்கிரீட்டோடு ஒட்டாது. துளை எவ்வளவு ஆழம் வேண்டும் என்பது பசைத் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பொறுத்தது. ஆனால் 45 செ.மீ. ஃபுட்டிங்கில் கவரையும் மேட்டையும் விட்டால் இங்கும் கிடைக்கும் ஆழம் 38 செ.மீ.தான், துளைக்குள் எல் கால் போட வழியும் இல்லை.